5×4 ஜன்னலுக்கு ரெண்டு ஷட்டரா, மூணு ஷட்டரா: கண்ணாடிக் கணக்கும் சிலிக்கான் கணக்கும்

பட்டறைக்கு வரும் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது இதுதான்: "மூணு ஷட்டர் போட்டா கண்ணாடி நிறைய ஆகுமே." ஆகாது. கொஞ்சம் குறையவே செய்யும். கூடுவது வேறொன்று. ஒரே அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலை எடுத்து ரெண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் வீட்டு அளவை வைத்து நீங்களும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி அஞ்சுக்கு நாலு என்று விட்ட இடம், பூச்சு வேலை முடிந்த பிறகு 1500க்கு 1200 மி.மீ. என்று நிற்கிறது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை அதேபோல மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதில் சின்னதை எடுத்த அளவு இது. சுற்றி 5 மி.மீ. இடைவெளி விட்டால் வெளி ஃபிரேம் 1490 × 1190. என் செக்ஷனில் பக்கத்துக்கு 25 போக, உள் அகலம் 1440. ஷட்டர் ஒவ்வொரு பக்கமும் ஃபிரேமுக்குள் 10 மி.மீ. நுழையும், இரண்டு ஷட்டர் சந்திக்கும் இன்டர்லாக்கில் 40 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆக ரெண்டு ஷட்டர் என்றால் 1440 + 20 + 40 = 1500, பாதி 750. மூணு ஷட்டர், மூணு டிராக் என்றால் ரெண்டு இன்டர்லாக் வரும், எனவே 1440 + 20 + 80 = 1540, அதில் மூன்றில் ஒன்று 513. ஷட்டர் உயரம் இரண்டிலும் 1140.

இதிலிருந்து கண்ணாடி அளவுக்குப் போகும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச அளவு வேறு, வெட்ட வேண்டிய அளவு வேறு. ஹேண்டிலும் இன்டர்லாக்கும் சேர்ந்து அகலத்தில் 80 தின்னும், மேலும் கீழும் சேர்ந்து (கீழே பேரிங் பாட்டம் பெரிசு) உயரத்தில் 100 தின்னும். கண்ணாடி உட்காரும் பள்ளம் 10 மி.மீ. ஆழம். அதில் முழுசாக இறக்காமல் 3 மி.மீ. விட்டுவிட வேண்டும், அதாவது பக்கத்துக்கு 7, இரண்டு பக்கத்துக்கும் 14. அப்போது ரெண்டு ஷட்டரில் ஒரு கண்ணாடி 684 × 1054, மூணு ஷட்டரில் 447 × 1054. உங்கள் செக்ஷனில் இந்த 80, 100, 14 மாறும், அதனால் ஒரு துண்டு செக்ஷனைக் கையில் வாங்கி டேப் வைத்து அளந்த பிறகே கடைக்குச் சீட்டு எழுதுங்கள்.

அந்த 3 மி.மீ.யை விட மனசில்லாமல் "டைட்டா இருக்கட்டும்" என்று 690 வெட்டினால் என்ன ஆகும்? பொருத்தும்போது உட்கார்ந்துவிடும். அப்புறம் வெயிலில் அலுமினியம் நகரும்போதோ, ஷட்டரை வேகமாகத் தள்ளி மோதும்போதோ, ஓரத்தில் இருந்து ஒரு விரிசல் கிளம்பும். நடுவில் அடிபட்ட தடம் எதுவும் இல்லாமல் விளிம்பிலேயே விரிசல் தொடங்கியிருந்தால், முதலில் இந்த இடைவெளியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடியின் கீழ் விளிம்பு நேராக அலுமினியத்தில் உட்காரக் கூடாது. அகலத்தில் கால்வாசி தூரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் கட்டை வைத்து, அதன்மேல் நிற்க வேண்டும்.

இப்போது பரப்பு. ரெண்டு ஷட்டர்: 684 × 1054, இரண்டு கண்ணாடி, 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. மூணு ஷட்டர்: 1.41 சதுர மீட்டர், 15.2 சதுர அடி. வித்தியாசம் கால் சதுர அடி சொச்சம். ஆனால் பில் போடும் விதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் அளவை அடுத்த 3 அங்குலத்துக்கு ஏற்றுவார்கள். அப்படி என்றால் 27 × 42 அங்குலம் இரண்டும், 18 × 42 அங்குலம் மூன்றும், இரண்டுமே சரியாக 15.75 சதுர அடிக்கு வந்து நிற்கும். 6 அங்குலத்துக்கு ஏற்றும் கடை என்றால் 27 என்பது 30 ஆகி ரெண்டு ஷட்டருக்கு 17.5 சதுர அடி பில் வரும், மூணு ஷட்டர் அதே 15.75தான்.

முழுத் தகடாக வாங்கி வெட்டினால் கதை வேறு. 2440 × 1830 தகட்டில் 447 × 1054 துண்டு எட்டு விழும் (குறுக்கே நாலு, நீளத்தில் ரெண்டு). 684 × 1054 துண்டை எல்லாம் ஒரே திசையில் வைத்தால் நாலுதான், முதலில் 1054க்கு ஒரு முழு வெட்டுப் போட்டு அதில் மூன்று எடுத்து, மீதி 776 பட்டையில் இரண்டைத் திருப்பிப் படுக்க வைத்தால் அஞ்சு. சின்ன வீட்டுக்கு இப்படி நாலு ஜன்னல் என்று வைத்தால், எட்டுத் துண்டோ பன்னிரண்டு துண்டோ, ரெண்டு தகட்டுக்குள் முடிந்துவிடும். டஃபன்ட் கண்ணாடி என்றால் இந்த வித்தை எதுவும் செல்லாது, அதைப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது, அளவைச் சரியாகக் கொடுத்தே வாங்க வேண்டும்.

கூடுவது சுற்றளவு. ரெண்டு ஷட்டரில் கண்ணாடிகளின் ஓரம் மொத்தம் 6.95 மீட்டர், மூணு ஷட்டரில் 9 மீட்டர். சிலிக்கான் கணக்கு எளிது: மி.மீ. அகலம் × மி.மீ. ஆழம் = மீட்டருக்கு இத்தனை மி.லி. கண்ணாடி ஓரத்தில் உள்ளேயும் வெளியேயும் 3 × 4 அடித்தால் மீட்டருக்கு 24 மி.லி. நாலு ஜன்னலுக்கு, வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்து, ரெண்டு ஷட்டருக்கு சுமார் 770 மி.லி., மூணு ஷட்டருக்கு சுமார் 995. 280 மி.லி. டியூபில் மூன்றும் நாலும். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட 5 மி.மீ. எல்லா இடத்திலும் சரியாக நிற்காது, வெளிப்பக்கம் மட்டும் 6 × 6 என்று வைத்தால் ஜன்னலுக்கு 5.36 மீட்டர், நாலு ஜன்னலுக்கு அதே 15 சதவீதத்தோடு 890 மி.லி., இரண்டு விதத்துக்கும் நாலு டியூப். பூச்சு கோணலாகி இடைவெளி 9 மி.மீ. ஆன இடத்தில் இது ஒன்றரை மடங்காகும், அதனால் ஒரு டியூப் கூடவே வாங்குங்கள்.

சுவருக்கு அடிப்பது நியூட்ரல் வகையாக இருக்கட்டும். புளிச்ச வினிகர் வாசனை அடிக்கும் மலிவு வகை சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, சில மாதத்தில் விரல் நகத்தால் நீளமாக உரித்து எடுக்கலாம்.

போன வருஷம் ஒரு வீட்டில் வடகிழக்கு மழைக்கு ஹாலுக்குள் தண்ணீர் வருகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், முன்பு பொருத்தியவர் அடி டிராக்கின் வெளிப்புறத் துளைகளையும் சேர்த்து சிலிக்கானால் அடைத்திருந்தார். அந்த டிராக்கில் விழும் மழைநீர் வெளியேறத்தான் துளை, அது அடைபட்டதால் நிரம்பி உள்பக்கம் வழிந்தது. பிளேடால் துளைகளைத் திறந்துவிட்டதும் தண்ணீர் வெளியே ஓடியது.

என் தேர்வு: ரெண்டு கண்ணாடி ஷட்டர். மூணு ஷட்டரில் ஒரு கண்ணாடி 6 கிலோவுக்குள்தான், ரெண்டு ஷட்டரில் 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோ, பேரிங் தாங்கும். மூணு ஷட்டரில் திறக்கும் இடம் 700க்குப் பதில் 930 மி.மீ. அளவுக்குக் கிடைக்கும், காற்று அதிகம், உண்மைதான். ஆனால் அந்த மூன்றாவது டிராக்கைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டால் கொசுவலைக்கு இடம் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றையும் இழுத்து மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான். மூணு டிராக் வாங்குங்கள், ரெண்டில் கண்ணாடி, ஒன்றில் வலை.