முன்வளைவைப் பின்னுக்குத் தள்ளிய வரிசை: தொடக்க யோகா வகுப்பில் நான்கு ஆண்டு அனுபவம்

புதிதாக யோகா கற்க வருபவர்களுக்கு வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறேன். இப்போது பின்பற்றும் ஆசன வரிசைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஒன்றரை ஆண்டு வேறொரு வரிசையில் நடத்தினேன். ஆசனங்கள் கிட்டத்தட்ட அவையேதான். எது எதற்குப் பிறகு வருகிறது என்பதைத்தான் முக்கியமாக மாற்றினேன்.

பழைய வரிசையில் கழுத்து, தோள், கணுக்கால் அசைவுகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். உடனே சூரிய நமஸ்காரம், ஆறு சுற்று. அது முடிந்து எல்லோரும் மூச்சு வாங்க உட்காருவார்கள், உட்கார்ந்த இடத்திலேயே காலை நீட்டி முன்னால் வளையும் பச்சிமோத்தானாசனம். அடுத்துக் குப்புறப் படுத்து, மார்பைத் தூக்கிப் பின்னால் வளையும் புஜங்காசனம். மறுபடி எழுந்து நின்று திரிகோணாசனம், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம். மறுபடி மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம். மிஞ்சிய நேரத்தில் சவாசனம், பெரும்பாலும் மூன்று நிமிடம்.

மூன்றாவது மாதத்தில் நாற்பதுகளில் இருந்த ஒரு மாணவி வந்து, "டீச்சர், நாற்காலியில உட்கார்ந்தா அடியில குத்துது" என்றார். ஒரே விரலால் இடத்தைக் காட்டச் சொன்னேன். தொடையின் நடுவைக் காட்டவில்லை. பிட்டத்தின் அடியில், நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பைத் தொட்டுக் காட்டினார். தொடையின் பின்தசைகள் தசைநாராகி எலும்பில் சேரும் இடம் அது. நடுத்தொடையில் வரும் இழுப்பு, தசை நீள்வதால் வருவது. எலும்போரத்தில் குத்தினால் தசைநாரின் ஒட்டிடம் எரிச்சல்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். தசை ஆறுவதைவிடத் தசைநார் ஆற அதிக காலம் பிடிக்கும். அவருக்கும் இயன்முறை மருத்துவரின் பயிற்சிகளோடு பல மாதங்கள் ஆயின.

அன்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். சூரிய நமஸ்காரத்தின் ஒரு சுற்றில், நின்றபடி முன்னால் குனியும் பாதஹஸ்தாசனம் இரண்டு முறை வருகிறது. ஆறு சுற்றுக்குப் பன்னிரண்டு முறை. அதன் தொடர்ச்சியாகவே பச்சிமோத்தானாசனம். முழங்காலை நீட்டியபடி, வகுப்பின் முதல் பாதிக்குள், தசை சரியாகச் சூடேறும் முன்பே இத்தனை முன்வளைவுகள். அதிலும் அது காலை வகுப்பு. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாக முன்னால் வளைந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரங்களைவிட அதிகம். அந்த மாணவி சொன்னபடி செய்தவர். நான் அமைத்த வரிசையில்தான் பிழை இருந்தது.

புதிய வரிசையில் முதல் மூன்று நிமிடம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து மூச்சைக் கவனிக்கிறார்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் உடலைச் சூடாக்க. கை கால்களை ஊன்றி, முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜாரி ஆசனத்தை எட்டு முறை மெதுவாகச் செய்து, மூட்டு அசைவுகளை முடித்து, அதன் பிறகே சூரிய நமஸ்காரம். அதுவும் இரண்டே சுற்று, பாதஹஸ்தாசனத்தில் முழங்காலைத் தாராளமாக மடித்து, வயிறு தொடையில் படும்படி. கை தரையைத் தொட வேண்டும் என்று நான் சொல்வதே இல்லை.

பிறகு பதினைந்து நிமிடம் நின்று செய்பவை. விருட்சாசனத்தை இங்கே முதலில் வைத்தேன். வீரபத்ராசனத்துக்குப் பிறகு வைத்திருந்தபோது கால் களைத்துப் பலர் ஆடினார்கள். இடம் மாற்றிய வாரமே வித்தியாசம் தெரிந்தது. திரிகோணாசனம் இந்தப் பகுதியின் கடைசியில் வருகிறது. நின்று செய்பவை முடிந்தால் முடிந்ததுதான், யாரும் மறுபடி எழுந்து நிற்பதில்லை. படுப்பதும் எழுவதுமாக இருந்த பழைய வரிசையில் வகுப்புக்கு ஒருவராவது "கண்ணு இருட்டுது" என்பார். படுத்திருந்து சட்டென எழும்போது ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்குவதே காரணம். இப்போது அந்தப் பேச்சு அரிதாகிவிட்டது.

அடுத்த எட்டு நிமிடம் குப்புறப் படுத்துச் செய்பவை. புஜங்காசனம் மூன்று முறை. முதல் முறை உள்ளங்கையில் எடை போடாமல், முதுகுத் தசையால் எவ்வளவு எழ முடிகிறதோ அவ்வளவுதான். இடையிடையே மகராசனத்தில் ஓய்வு.

இதற்கும் உட்கார்ந்து முன்னால் வளைவதற்கும் நடுவில் வருவதுதான் இந்த வரிசையில் நான் அதிகம் மாற்றி மாற்றிப் பார்த்த இடம். பின்வளைவுக்கு மாற்று முன்வளைவு என்று கற்றிருந்ததால், முதலில் புஜங்காசனம் முடிந்ததும் நேராகப் பச்சிமோத்தானாசனத்துக்குப் போனேன். பலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்கள். இறுகிச் சுருங்கிய முதுகுத் தசையை உடனே எதிர்ப்பக்கம் இழுத்தால் அது விட்டுக்கொடுக்காது. இப்போது முதலில் கை கால் ஊன்றி, முதுகைச் சமமாக வைத்து மூன்று மூச்சு. பிறகு குதிகால் மேல் உட்கார்ந்து முன்னால் கவிழும் பாலாசனத்தில் ஐந்து மூச்சு. பாலாசனத்தில் முழங்கால் மடிந்திருப்பதால் தொடைப் பின்தசை இழுபடாமல் முதுகு மட்டும் விரிகிறது. பிறகு உட்கார்ந்து உடலைத் திருகும் வக்ராசனம், இரு பக்கமும். அதற்கும் பிறகுதான் பச்சிமோத்தானாசனம். மடித்த போர்வை மேல் உட்கார்ந்து, முழங்கால் மடித்து, ஐந்து மூச்சு. நாற்பது நிமிடம் கடந்து வருவதால், அதே ஆட்கள் வலிந்து இழுக்காமலே முன்பைவிட ஆழமாகப் போகிறார்கள். முட்டிக்குப் பின்னால் மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தாலோ பாதத்தில் கூச்சம் வந்தாலோ, அங்கேயே நிறுத்திப் பின்வாங்கச் சொல்கிறேன். அது நரம்பு இழுபடும் அறிகுறி.

சேதுபந்தாசனமும் முழங்காலை மார்புக்கு அணைப்பதும் ஐந்து நிமிடம். கடைசி ஏழு நிமிடம் சவாசனம். முன்பு வகுப்பு நீண்டுபோனால் இதைத்தான் வெட்டுவேன். இப்போது நேரம் போதவில்லையென்றால் நின்று செய்பவற்றில் ஒன்றை விடுகிறேன். வியர்வை ஆறும்போது உடல் குளிரும், அதனால் போர்வை கட்டாயம். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைக்கிறேன். எழும்போது ஒருக்களித்து அரை நிமிடம் கிடந்து, கையை ஊன்றி, தலை கடைசியாக நிமிரும்படி உட்கார வேண்டும்.

இந்த வரிசையில் குறைகளும் உண்டு. வேகம் விரும்பும் இளையவர்களுக்கு இரண்டு சுற்றுச் சூரிய நமஸ்காரம் போதவில்லை. சிலர் சொல்லிவிட்டே வேறு வகுப்புக்குப் போனார்கள். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது, குப்புறப் படுக்கும் பகுதியும் வக்ராசனமும் அவர்களுக்கு ஆகாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு முன்வளைவையே நீக்கிவிடுகிறேன், எந்த இடத்தில் வைத்தாலும் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. கண்ணில் அழுத்த நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தலை இடுப்புக்குக் கீழே போகும் எதையும் செய்வதில்லை. பாதஹஸ்தாசனத்துக்குப் பதிலாக நாற்காலி முதுகைப் பிடித்துப் பாதி மட்டும் குனிகிறார்கள்.

எலும்போரம் குத்துகிறது என்ற முறையீடு இந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு பேரிடமிருந்து வந்தது. ஒருவர் நீண்ட தூரம் ஓடுபவர், வலியோடுதான் சேர்ந்தார். மற்றவர் வீட்டில் தனியாக, சூடேற்றாமல், தினமும் பச்சிமோத்தானாசனம் மட்டும் செய்துவந்தவர். அவருக்கு மார்ஜாரி ஆசனத்திலிருந்து பாலாசனம் வரையிலான பகுதியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முன்வளைவை அதில் எழுதவில்லை.