பஃபரில் திருத்துவதா, எலக்ட்ரோடைக் கழுவுவதா?

அம்பத்தூர்ப் பக்கத்து ஆலையொன்றில் சுண்ணாம்புக் கரைசலால் அமிலக் கழிவுநீரை நடுநிலையாக்கும் தொட்டி. pH செட்பாயின்ட் 7.5, எலக்ட்ரோடு காட்டும் அளவீடோ 6-க்கும் 9-க்கும் இடையே ஊசலாடுகிறது.

பஃபர் திருத்தம், அதாவது pH தெரிந்த கரைசல்களில் எலக்ட்ரோடை வைத்து அளவீட்டைச் சரிசெய்வது, பத்து நிமிட வேலை. 25 டிகிரியில் 7 பஃபர் −12 மில்லிவோல்ட், 4 பஃபர் +150 காட்டினால், சாய்வு pH ஒன்றுக்கு 54 மில்லிவோல்ட். கோட்பாட்டு அளவான 59.2-இல் 91 சதவீதம். டிரான்ஸ்மிட்டர் ஏற்றுக்கொள்ளும். ஊசலாட்டம் மட்டும் நிற்காது. திருத்தம் சரிசெய்வது ஆஃப்செட்டையும் சாய்வையும்தான், வேகத்தையல்ல. அளவீடு நிலைக்கும்வரை காத்திருந்தே திருத்துவதால் மந்தம் மறைந்துவிடுகிறது. தொட்டியிலோ, எலக்ட்ரோடு விழித்துக்கொள்வதற்குள் சுண்ணாம்பு கூடுதலாக விழுந்துவிடும்.

ஆகவே முதலில் கடிகாரம். எலக்ட்ரோடை 7 பஃபரிலிருந்து எடுத்து, அலசி, 4 பஃபரில் இறக்குங்கள். நல்ல எலக்ட்ரோடு அரை நிமிடத்துக்குள் நிலைக்கும். ஒன்றரை நிமிடம் இழுத்தால் கழுவுங்கள். சுண்ணாம்புப் படிவுக்கு 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம், அலசிவிட்டு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம். கண்ணாடியைத் துணியால் தேய்க்கக் கூடாது. பஃபர் திருத்தம் இதற்குப் பிறகுதான்.

கழுவியும் வேகம் திரும்பாவிட்டால் கண்ணாடி மூப்படைந்திருக்கலாம், அல்லது ரெஃபரன்ஸ் ஜங்ஷன் அடைத்திருக்கலாம், மாற்றிவிடுங்கள். கன்ட்ரோலரின் கெயினைக் குறைத்து ஊசலாட்டத்தை அடக்குவது நோயை மூடிவைப்பதே.