இ-மேண்டேட் பதிவு தோல்வியடைந்தால், ‘சர்வர் கோளாறு’ என்ற பதிலோடு இருந்துவிடாதீர்கள்

கோத்தகிரி அருகே எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற சிறு தேயிலைத் தோட்டத்துக்காக, கொழுந்து பறிக்கும் இயந்திரம் ஒன்றை நிதி நிறுவனக் கடனில் வாங்கினேன். மாதந்தோறும் 5ஆம் தேதி 4,350 ரூபாய் தவணை. தொழிற்சாலை பச்சைத் தேயிலைக்குத் தரும் பணம் வந்து விழும் கணக்கிலிருந்து அதைத் தானாகப் பிடித்துக்கொள்ள, இ-மேண்டேட் பதிவு செய்யும் இணைப்பை முகவர் கைபேசிக்கு அனுப்பினார்.

முதலில் நெட் பேங்கிங் வழியில் முயன்றேன். வங்கிப் பக்கம் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்புதல் அளித்ததும், பதிவு தோல்வி என்று காட்டி நிறுவனத்தின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. அடுத்து ஆதார் வழியில் முயன்றபோது ஓடிபி சரியாக வந்தும் முடிவு அதுவேதான். முகவரிடம் சொன்னேன். “சர்வர் கோளாறு சார், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்றார். அந்தப் பேச்சை நம்பி இருந்ததில் இரண்டு தவணைகள் தவறின. தாமதக் கட்டணமாக 1,000 ரூபாய் கேட்டார்கள்.

வங்கிக் கிளைக்குப் போனபோது, மேலாளர் கணக்கைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். தோட்டம் பாகம் பிரியாததால், நானும் அண்ணனும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக்கணக்கு அது. இருவரின் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் ஒருவரின் கடவுச்சொல்லோ ஓடிபியோ போதாது. எத்தனை முறை முயன்றாலும் இணையவழிப் பதிவு நிறைவேறாது. எங்களைப் போன்றோர் கடன் வாங்கும்போதே காகித மேண்டேட் படிவத்தைக் கேட்டு, வங்கிப் பதிவில் உள்ளபடியே இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ‘இருவரில் ஒருவர்’ இயக்கலாம் என்ற கணக்காக இருந்தால் இந்தத் தடை பொதுவாக வராது.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்: வங்கி மேண்டேட்டை நிராகரிக்கும்போது, அதற்கான காரணமும் பதிவைத் தொடங்கிய நிதி நிறுவனத்துக்கே திரும்பிச் செல்கிறது. அதை என்னிடம் ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும்.

எந்தப் படியில் நின்றது என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். ஓடிபியே வரவில்லை என்றால், ஆதாரிலோ வங்கியிலோ பழைய கைபேசி எண் இருக்கலாம். எங்கள் மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாவதும் உண்டு. உள்ளே நுழைந்த பிறகு நின்றால், உங்கள் நெட் பேங்கிங்கில் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ளதா என்று கேளுங்கள். ஓடிபியும் ஏற்கப்பட்ட பின் நிராகரித்தால், கணக்கின் வகை, பெயர், எண் ஆகியவற்றில் பெரும்பாலும் முரண் இருக்கும்.

பதிவு முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும், UMRN எனப்படும் 20 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கி அந்த மேண்டேட்டை ஏற்றுவிட்டதா என்றும் பாருங்கள். அது உறுதியாகும்வரை தவணையை நீங்களே செலுத்தி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். நிராகரிப்புக் காரணத்தையும் தாமதக் கட்டணத்தையும் பற்றி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அளித்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் முறையிடுவேன்.