செங்கோணம் போலத் தெரிந்தால் செங்கோணமா? படக்கணக்குகளோடு 11 ஆண்டுகள்

கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பாதி விவரத்தைப் படத்திலேயே ஒளித்து வைத்திருக்கும் வடிவியல் கணக்குகளை நீங்கள் நிறையக் கொடுப்பீர்களே, நம்பிக் கொடுக்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் அப்படிப்பட்ட ஒரு கணக்கால் என் மாணவி ஒருத்தி மதிப்பெண் இழந்திருந்தாள். கோபம் தணியட்டும் என்று நான்கு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். முழுதாகத் தணியவில்லை.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ABC ஒரு முக்கோணம். உச்சி A-யிலிருந்து அடிப்பக்கம் BC-க்கு ஒரு கோடு இறங்கி D-யில் தொடுகிறது. படத்தில் AB பக்கத்தில் 15, AC பக்கத்தில் 13, AD பக்கத்தில் 12 என்று எழுதியிருக்கிறது. BC-யின் நீளம் என்ன? படத்தின் கீழே வழக்கமான வரி: "படம் அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை."

விடைக்குறிப்பில் இருந்த விடை 14. AD செங்குத்து என்று கொண்டால் BD = 9, DC = 5 என்று பிதாகரஸ் தேற்றம் தந்துவிடும். ஆனால் D-யில் செங்கோணத்தைக் காட்டும் அந்தச் சிறு சதுரம் இல்லை. கேள்வியின் சொற்களிலும் "குத்துக்கோடு" என்று இல்லை. என் மாணவி "தரப்பட்ட விவரம் போதாது" என்று எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள்.

அவள் எழுதியதுதான் சரி. அட்டையில் 15, 13, 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று பட்டைகள் வெட்டி, மூன்றின் மேல்முனைகளையும் ஒரே குண்டூசியில் கோத்து, கீழ்முனைகளை ஓர் அளவுகோலின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் பட்டை நிமிர்ந்து நிற்கும்போது 14 வரும். குண்டூசியை ஒரு மயிரிழை கீழே இறக்கினாலும் அந்தப் பட்டை சாயத் தொடங்கிவிடும். அதன் கால் C-யின் பக்கம் நகர்ந்து BD சரியாக 10 ஆகும்போது DC சுமார் 4.14, BC 14.14. எழுதியிருந்த மூன்று எண்களும் அப்படியே இருக்கின்றன, விடை மட்டும் மாறிவிட்டது. இன்னும் சாய்த்து BD-யை 12 ஆக்கினால் BC 15-ஐயே தாண்டிவிடும்.

என்னை இன்றும் வியக்க வைப்பது முதல் நகர்வுதான். AD-யின் கால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது, உச்சியோ அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. கோணம் ADB அப்போது 85.5 பாகை. புத்தக அளவில் அச்சான படத்தில் 85.5-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாடு எத்தனை கண்களுக்குத் தெரியும்? "பார்த்தாலே செங்கோணம் என்று தெரிகிறதே" என்பவர்களிடம் இந்தப் பட்டைகளைத்தான் நீட்டுவேன். படம் அளவுத்திட்டப்படி இல்லை என்று கீழே எழுதிவிட்டு, மேலே கண்ணால் பார்த்து 90 பாகை என்று கொள்ளச் சொல்வது எந்த நியாயம்? 11 ஆண்டுகளாக என்னை உறுத்துவது இந்த ஒன்றுதான். சிறு சதுரம் போட இரண்டு கோடு போதும். அதைக்கூடப் போடாமல் விட்டுவிட்டு, நேர்மையாக யோசித்த பிள்ளையைத் தண்டிக்கிறார்கள்.

சரி, இதே வகைக் கணக்கு எனக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் அநியாயம்.

அதே படத்தில் BD = 9 என்ற ஓர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள், சதுரம் வேண்டாம். இப்போது கணக்கு அழகாகிவிடுகிறது. 81 + 144 = 225; அதாவது 9, 12, 15. பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலைப்படி கோணம் ADB செங்கோணம். யாரும் சொல்லாத கோணத்தை எண்களே சொல்லிவிடுகின்றன. அடுத்த படியில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். ADC-யும் 90 என்று உடனே எழுதிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். B, D, C மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் இரு கோணங்களும் சேர்ந்து 180 பாகை, அதனால். அந்த நேர்கோட்டை எந்த வாக்கியமும் தரவில்லை, படம்தான் தந்தது. அதைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த வகைக் கணக்கின் பொது வழக்கம்.

அப்படியானால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? என் அனுபவத்தில் கோடு இங்கேதான் விழுகிறது. எது எதற்கு இடையில் இருக்கிறது, எது உள்ளே, எது வெளியே, எந்தக் கோடு ஒடியாமல் நேராகப் போகிறது என்ற அமைப்பைப் படத்தை நம்பி எடுக்கலாம். எவ்வளவு என்ற அளவை எடுக்கக் கூடாது. சமம், செங்கோணம், இணை ஆகிய மூன்றும் அளவின் பக்கம்தான். குறியோ எண்ணோ சொல்லாமல் அவற்றை ஏற்கவே கூடாது.

அமைப்பை நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே எண்கள் காட்டும். AD உண்மையிலேயே குத்துக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15, 13, 12 அப்படியே இருக்கட்டும். ஆனால் D அடிப்பக்கத்தின் மேல் இல்லாமல், BC-யை C-க்கு அப்பால் நீட்டிய கோட்டில் இருக்கிறது. இப்போது BC = 9 − 5 = 4. பரப்பளவு 84-இலிருந்து 24-க்கு இறங்கிவிடுகிறது. படமில்லாமல் சொற்களில் மட்டும் இந்தக் கணக்கைக் கொடுத்தால் 14, 4 இரண்டுமே சரியான விடைகள். எது என்று முடிவுசெய்வது D எங்கே நிற்கிறது என்று காட்டும் படம் ஒன்றே. முதன்முறை இதை உணர்ந்தபோது, படத்தை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்த என் பழைய எண்ணமே மாறிப்போனது.

இதற்காக நான் பழக்கிவைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. தரப்பட்ட எண்களையும் குறிகளையும் மட்டும் பிடித்துக்கொண்டு படத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் ஏதோ ஒன்று தரப்படவில்லை. BD = 9 என்று சொன்னதும் ABD-யின் மூன்று பக்கங்களும் தெரிந்து அது இறுகிவிடுகிறது; C-யும் அதே கோட்டில் D-க்கு அப்பால், A-யிலிருந்து 13 தொலைவில் வேறெங்கும் போக வழியில்லாமல் நிற்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் எல்லாம் ஆடுகிறது. என் மாணவி விடைத்தாளின் ஓரத்தில் சாய்ந்த இன்னொரு AD-யைப் புள்ளிக்கோட்டால் வரைந்து காட்டியிருந்தாள். திருத்தியவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

நண்பருக்கு என் பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இத்தனை நல்லது சொல்லிவிட்டு இப்படி முடிப்பது முரணாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் ஒவ்வொரு படத்தையும் நீங்களே முதலில் அசைத்துப் பார்த்து, விடுபட்ட சதுரத்தைப் பேனாவால் போட்டுக் கொடுக்க நேரம் கிடைக்கும்வரை வேண்டாம். என்னிடம் இருக்கும் தொகுப்பில் அந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை முடித்ததும் உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன், அந்த மூன்று அட்டைப் பட்டைகளோடு.