"24 மணி நேரத்தில் பதில்" என்ற வரியை நம்பி ஏமாந்தோம்

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில், மகளின் கணக்குப் பாடத்துக்காக ஓர் இணைய வகுப்பு நிறுவனத்தின் ஓராண்டுத் திட்டத்தை வாங்கினோம். கட்டணம் 3,540 ரூபாய். அது வங்கிக் கணக்கிலிருந்து ஒரே நாளில் இரண்டு முறை எடுக்கப்பட்டுவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்பே திட்டத்தின் வாடிக்கையாளர் உதவிப் பகுதியை முழுவதும் படித்திருந்தேன். புகாருக்கு 24 மணி நேரத்தில் பதில் வரும், 7 நாளில் தீராவிட்டால் மேற்பார்வையாளரிடம் போகும், 15 நாளிலும் தீராவிட்டால் குறைதீர் அலுவலரிடம் போகும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

பதில் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் வந்தது. ஆனால் அது பதில் மட்டும்தான், தீர்வு இல்லை. முதல் புகாருக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வங்கி முத்திரையுடன் கணக்கு விவரம் வேண்டும் என்று கேட்டு, புகாரின் நிலையை Pending என்று மாற்றினார்கள். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கடுத்த நாள் ஞாயிறு, வங்கி இல்லை. திங்களன்று வாங்கி, வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு அனுப்பினேன். 72 மணி நேரம் நான் பதில் தரவில்லை என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் புகார் தானாகவே Resolved ஆகியிருந்தது. நான் அனுப்பியது புதிய எண்ணில் புதிய புகாராகப் பதிவாகி, அந்த 7 நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. இப்படியே நான்கு முறை நடந்ததால், எந்தப் புகாரும் ஏழாம் நாளைத் தொடவே இல்லை. இதற்கிடையில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான 30 நாள் கெடுவும் முடிந்துவிட்டது என்றார்கள்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் நான்கு எண்களையும் காட்டினேன். "தம்பி, பதில் எப்ப வந்துதுன்னு பாக்காதீய, புகார எப்ப மூடுனாவன்னு பாருங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிறுவனம் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் இரண்டு படிகளைக் கடந்த பிறகுதான் அவரை அணுகலாம் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை, அது நிறுவனம் தானே போட்டுக்கொண்ட ஏற்பாடு. ஆகவே நான்கு எண்களையும், ஒவ்வொன்றும் மூடப்பட்ட நாளையும் நேரத்தையும், முதல் புகாரின் தேதியையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி நேராக அவருக்கே அனுப்பினேன். 30 நாள் கெடு முடிவதற்கு முன்பே நான் பணத்தைக் கேட்டுவிட்டேன் என்பதற்கு அந்த முதல் தேதிதான் சான்று.

மறுநாளே ஒப்புகை வந்தது. பத்தொன்பதாம் நாள் 3,540 ரூபாய் கணக்கில் ஏறியது. வராமல் இருந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்து, அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அங்கு வழக்குத் தொடுக்கலாம்.

இதே போன்ற திட்டத்தில் சேர்ந்திருப்பவர்கள் தங்கள் புகார் Pending ஆனால் அன்றைக்கே, கேட்ட ஆவணம் கையில் இல்லாவிட்டாலும், "திங்களன்று தருகிறேன், மூட வேண்டாம்" என்று ஒரு வரியாவது அதே எண்ணின் கீழ் எழுதிவிடுங்கள்.