ஒயிட் பேலன்ஸா, ஸ்கின் வொயிட்டனிங்கா? முகப்படத்தில் எது திருத்தம், எது திரிப்பு

வேலைக்கோ வரன் பார்க்கவோ அனுப்பும் படத்தில் பலரும் முதலில் கைவைப்பது முகநிறத்தில்தான். அதற்கு ஒயிட் பேலன்ஸ், ஸ்கின் வொயிட்டனிங் என இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் முகம் தெளிந்து வருவதால் ஒன்றுபோலத் தோன்றும். செய்கிற வேலையோ நேரெதிர்.

இரவில் மஞ்சள் பல்பின் கீழ், கையை நீட்டி எடுத்த ஒரு செல்ஃபி இருக்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். அந்த ஒளி ஏறக்குறைய 2700 கெல்வின். நண்பகல் வெயில் 5500 அளவில் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கேமரா சரியாக ஈடுகட்டாததால் முகத்தில் ஆரஞ்சு படிந்திருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் கருவியை வெள்ளைக் காலரில் வைத்துச் சொடுக்கினால் காலர், சுவர், வெண்விழி, தோல் எல்லாவற்றின் நிறமும் சேர்ந்தே நகரும். பல்பு ஏற்றிய நிறம்தான் இறங்குகிறது, தோலின் நிறம் அல்ல. காலர் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருந்தால் அங்கே நிறத் தகவல் இருக்காது. நிழல் விழுந்த மடிப்பில் சொடுக்க வேண்டும். படம் மொத்தமும் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரை ஏற்றுவதும் இதே வகைதான்.

ஸ்கின் வொயிட்டனிங் தோலை மட்டும் பிடித்து வெளுக்கிறது. சட்டையும் சுவரும் மஞ்சளாகவே நிற்கும். செயலி முகத்தை மட்டும் கண்டுகொண்டால் காதும் கழுத்தும் பழைய நிறத்தில் தங்கிவிடும். தாடையோரம் ஒரு கோடு தெரியும். தோல் வெளுத்து, வெண்விழி மட்டும் மஞ்சளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அளவைக் குறைத்து வைத்தால் ஏமாற்றாகாது என்று சிலர் வாதிடுவார்கள். குறைத்தால் கண்டுபிடிப்பது கடினமாகும், அவ்வளவுதான்.

அதே செல்ஃபியில் மூக்கும் பெரிதாகத் தெரியும். காரணம் லென்ஸ் அல்ல, தூரம். மூக்கு நுனி கேமராவிலிருந்து 30 செ.மீ. என்றால் காது சுமார் 42 செ.மீ.யில் இருக்கும், காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்துப் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அது 8 சதவீதமாகக் குறைந்துவிடும். ஆகவே போனை யாரிடமாவது கொடுத்து, அந்தத் தூரத்திலிருந்து ஜூம் செய்து மறுபடி எடுப்பதே நேர்மையான வழி. லிக்விஃபை கருவியால் மூக்கைச் சுருக்கினால் எந்த அளவில் நிறுத்துவது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கை தன் ஆசைக்குப் போகும். தாடையைக் குறுக்கினால் பின்னாலிருக்கும் கதவு விளிம்பு வளைந்து காட்டிக்கொடுக்கும்.

பரு, உதட்டு வெடிப்பு போன்றவை இரண்டு வாரத்தில் தானாகவே மறையக்கூடியவை. ஹீலிங் பிரஷ்ஷால் எடுக்கலாம். கருவளையத்தை முழுக்கத் துடைக்காமல், திருத்தத்தின் அடர்த்தியான ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து மங்க வைப்பது போதும். மச்சத்தையும் தழும்பையும் தொட வேண்டாம். பலருடைய அடையாள ஆவணங்களில் அங்க அடையாளமாகப் பதிவாகியிருப்பவை அவைதான்.