சீட்டு நோட்டில் நாலு காலம்: ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு முடியும்வரை எழுதிப் பார்த்ததில்

வேலூர் லாங் பஜார் கடைக்காரர்களிடமும் குடியாத்தம் தறிக்காரர்களிடமும் சீட்டு நோட்டு இல்லாதவர் குறைவு. ஆனால் பெரும்பாலான நோட்டுகளில் தேதியும் கட்டிய தொகையும் மட்டும்தான் இருக்கும். சீட்டு முடிந்தபிறகு லாபமா நஷ்டமா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மாதம், முழுத் தவணை, கழிவு, கட்டியது என்று நாலு காலம் போட்டு எழுதும் முறையைப் பல சீட்டுகளுக்குக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாயிற்று. இதைவிட எளிதாகத் தப்பைக் காட்டிக்கொடுக்கும் வழி கிடைக்கவில்லை.

20 பேர், மாதம் 5,000, மொத்தம் 1,00,000 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். சீட்டு பிடிப்பவருக்குக் கமிஷன் 5%, அதாவது மாதம் 5,000. நாலாவது மாதம் ஒருவர் 28,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 72,000. தள்ளிய 28,000-இல் கமிஷன் போக மீதி 23,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,150 கழிவு. எனவே அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 3,850. நோட்டில் வெறும் 3,850 என்று எழுதக் கூடாது. 5,000, 1,150, 3,850 மூன்றும் வேண்டும். ஏலத்தில் எவ்வளவு தள்ளினார்கள் என்பதை ஓரத்தில் குறித்துவைத்தால் கழிவைத் தானே போட்டுச் சரிபார்க்கலாம்.

சீட்டில் சேரும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கழிவு அதே மாதத் தவணையிலா, அடுத்த மாதத் தவணையிலா? பதிவு பெற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் கழிப்பார்கள். இது தெரியாமல் எழுதினால் ஒவ்வொரு வரியும் ஒரு மாதம் தள்ளிப்போய் ரசீதோடு ஒத்துவராது. எடுத்தவருக்கும் கழிவு உண்டா? சில ஊர்ச் சீட்டுகளில் எடுத்தவர் முழு 5,000 கட்ட வேண்டும், கழிவு எடுக்காதவர்களுக்கு மட்டும்தான். அப்படியென்றால் முன்னால் எடுப்பதன் செலவு வெகுவாகக் கூடிவிடும். கம்பெனிச் சீட்டில் கமிஷனுக்கு மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், அதற்கு ஒரு வரி தனியாக.

எடுத்தவர் நோட்டில்தான் பெரிய தப்பு நடக்கிறது. வந்த 72,000-ஐ வரவு என்று வியாபாரக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது வருமானம் இல்லை. கட்டியதைத் திருப்பி வாங்கியதும், மீதிக்குக் கடன் வாங்கியதும் சேர்ந்த தொகை. மேலே சொன்ன சீட்டில் முதல் நாலு மாதத் தவணை 3,700, 3,750, 3,800, 3,850, கூட்டினால் 15,100. எனவே 72,000-இல் 15,100 அவருடைய சொந்தப் பணம். மீதி 56,900 கடன். இனி வரும் 16 மாதத்தில் கழிவு மொத்தம் 8,100 வந்தால் அவர் கட்டப்போவது 71,900. வித்தியாசம் 15,000, அதுதான் வட்டி. கடைசி மாதம் வரை காத்திருந்து எடுத்தவர் கட்டியது மொத்தம் 87,000, வாங்கியது கமிஷன் போக 95,000. அவருக்கு 8,000 லாபம். அதனால் ஒவ்வொரு மாதக் கழிவையும் லாபம் என்று எழுதாமல், எல்லாவற்றையும் "சீட்டு கணக்கு" என்ற ஒரே பக்கத்தில் ஓடவிட வேண்டும். கட்டியது ஒரு பக்கம், வாங்கியது மறுபக்கம்; கடைசியில் மிஞ்சுவதுதான் லாபமோ வட்டியோ.

சீட்டு பிடிப்பவருக்கு மாதம் ஒரு சரிபார்ப்பு போதும்: 20 பேர் கட்ட வேண்டிய 77,000, கொடுத்த 72,000-மும் கமிஷன் 5,000-மும் சேர்ந்தது. இந்தக் கூட்டல் ஒத்தாலும் கைப்பணம் குறையும், ஏனென்றால் இரண்டு பேர் தவணை பாக்கி வைத்திருப்பார்கள். அந்த 7,700-ஐத் தன் கையிலிருந்து போட்டு ஏலத்தொகையைக் கொடுத்துவிட்டு, எல்லாரும் கட்டியதாக டிக் போட்டுவிடுவது பலர் செய்வது. பாக்கிக்காரர் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே இருக்கட்டும். போட்ட பணத்தை "முன்பணம்" என்று வேறு பக்கத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து யார் எத்தனை தவணை தர வேண்டும் என்பதே வாய்ச்சண்டையாகிவிடும்.

போனில் அனுப்பும் பணத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரே ஆள் இரண்டு சீட்டு போட்டிருந்தால் வந்த 3,850 எந்தச் சீட்டின் எந்த மாதத்துக்கு என்று பரிவர்த்தனையில் தெரியாது. அனுப்பும்போதே குறிப்பில் "லட்ச சீட்டு 4-ஆம் மாதம்" என்று எழுதச் சொல்லிவிட்டால் நோட்டில் ஏற்றுவது சுலபம்.

எடுத்தவர் கொடுத்த புரோநோட்டு, ஜாமீன்காரர் பெயர், திருப்பி வாங்கிய தேதி ஆகியவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். கடைசித் தவணை கட்டிய அன்றே அந்தப் புரோநோட்டைக் கையில் வாங்கி, அந்த வரியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது வழக்கமாக வேண்டும்.